புதிதாகச் சேருபவருக்கு வரவேற்புக் கடிதமும் முதல் வார அட்டவணையும்: திருகோணமலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட முறை

எங்கள் நிறுவனத்தில் ஏறத்தாழ 140 பேர் வேலை செய்கிறோம். அனுராதபுர வீதியோரத்தில் அலுவலகம், பின்னால் களஞ்சியம், அதற்கும் பின்னால் லொறிகள் நிற்கும் முற்றம். மனிதவளத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. நிர்வாக உத்தியோகத்தரான என் மேசைக்குத்தான் அந்த வேலையும் வந்து சேரும்.

நான் எழுதிய முதல் வரவேற்புக் கடிதம் ஒரு பக்கம் நிறைய வாழ்த்தாக இருந்தது. குச்சவெளியிலிருந்து ஒரு தம்பி அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலுக்கு வந்துவிட்டார். அவர் வருவது காவலாளிக்குத் தெரியாது. அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டிய மேற்பார்வையாளர் அன்று விடுமுறையில் இருந்தார். பதினொரு மணிவரை வாசல் வாங்கில் இருந்தார், சான்றிதழ் பைலை இரு கையாலும் மடியில் பிடித்தபடி. அவர் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை என்பதே மாதக் கடைசியில்தான் எனக்குத் தெரியவந்தது. முதல் சம்பளம் பன்னிரண்டு நாள் பிந்தியது. அவரிடம் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

உங்கள் நிறுவனத்தில் இந்தப் பொறுப்பு புதிதாக உங்கள் தலையில் வந்திருந்தால், கீழே உள்ள ஒழுங்கில் செய்யுங்கள். 2025 ஜூன் 2ஆம் திகதி எங்களிடம் சேர்ந்த ஒரு கணக்கு உதவியாளரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மூதூரைச் சேர்ந்த பெண், இதற்கு முன் ஒரு கடையில் ஓராண்டு வேலை செய்தவர், அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். இங்கே சொல்வது கடை, அலுவலகப் பணியாளர் சட்டத்தின்கீழ் வருவோருக்குப் பொருந்தும். லொறிச் சாரதிகளுக்கும் தொழிற்சாலை வேலையாட்களுக்கும் விதிகள் வேறுபடும். அவர்களைச் சேர்க்கும்போது தொழில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நியமனக் கடிதம் வேறு, வரவேற்புக் கடிதம் வேறு

முதல் பொறி இதுதான். நியமனக் கடிதம் சட்டத்துக்கு உரியது. பதவி, நியமனத்தின் தன்மை, சம்பளம், தகுதிகாண் காலம், வேலை நேரம், விடுமுறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே அதைக் கையில் கொடுத்துவிட வேண்டும். "தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு தருகிறோம்" என்று இழுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். சேருபவருக்கு அது அநியாயம், நிறுவனத்துக்கும் ஆபத்து.

வரவேற்புக் கடிதம் வீட்டுக்குப் போகும் கடிதம். எத்தனை மணிக்கு வருவது, வாசலில் யாரைக் கேட்பது, எதைக் கொண்டுவருவது, சாப்பாடு எப்படி, முதல் சம்பளம் எப்போது என்பவற்றுக்கு அது பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தையோ தகுதிகாண் காலத்தையோ வரவேற்புக் கடிதத்தில் வேறு சொற்களில் மறுபடி எழுதப் போகாதீர்கள். ஒன்றில் "ஆறு மாதம்" என்றும் மற்றதில் "சில மாதங்கள்" என்றும் இருந்தால், ஒரு பிணக்கு வரும் நாளில் இரண்டு காகிதமும் மேசைக்கு வரும். "உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ளபடி" என்று எழுதினால் போதும்.

2. கடிதம் எழுதுமுன் நாட்காட்டியைத் திறவுங்கள்

சேரும் திகதியை முதலாளி வாய்க்கு வந்தபடி சொல்லிவிடுவார். அதைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. எங்கள் உதாரணத்தில் மூன்று விடயங்கள் மோதின.

முதலாவது, சம்பளம். 2025 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே 2ஆம் திகதி திங்கட்கிழமை சேர்ந்தால் முழு மாதச் சம்பளம் கிடைக்கும். ஒரு வாரம் தள்ளினால் முதல் மாதம் குறைச் சம்பளம். போதாததற்கு 10ஆம் திகதி பொசன் போயா, வாரம் இரண்டாக முறியும்.

இரண்டாவது, விடுமுறை. முதல் ஆண்டில் இரண்டு மாதச் சேவை முடிய ஒரு நாள் என்ற கணக்கில்தான் அமய விடுமுறை சேரும். வருடாந்த விடுமுறை அடுத்த ஆண்டில்தான் தொடங்கும். அது எத்தனை நாள் என்பதை, சேர்ந்த காலாண்டு தீர்மானிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை 4. ஜூன் கடைசியில் சேர வேண்டியவரை "வசதியாக ஜூலை 1 வரட்டும்" என்று சொன்னால் அவருக்கு மூன்று நாள் போய்விடும். அவருக்கு இது தெரிந்திருக்காது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பெருநாள். இதை நான் தவறவிட இருந்தேன். ஜூன் 7 சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். நமக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. கடை, அலுவலகச் சட்டத்தின்கீழ் தனியார் நிறுவனங்கள் கட்டாயம் விட வேண்டிய விடுமுறைகளில் ஹஜ்ஜுப் பெருநாள் இல்லை. சேர்ந்த ஆறாம் நாளில் அந்தப் பெண்ணிடம் ஒரு நாள் அமய விடுமுறையும் சேர்ந்திருக்காது. சட்டப்படி பார்த்தால் பெருநாள் காலையில் வேலைக்கு வர வேண்டும், அல்லது சம்பளமின்றி நிற்க வேண்டும். முகாமையாளரிடம் பேசி அந்த அரைநாளைச் சம்பளத்துடன் கூடிய விசேட விடுமுறையாக வாங்கி, கடிதத்திலேயே எழுதினேன். மூன்று சமூகத்தவரும் சேர்ந்து வேலை செய்யும் ஊர் இது. புதியவர் வந்து முதல் வாரத்திலேயே தயங்கித் தயங்கி விடுமுறை கேட்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

3. ஆவணப் பட்டியல்: பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்

கடிதத்துக்கு முன்பே தனித் தாளில் ஆவணப் பட்டியல் போக வேண்டும். நாங்கள் கேட்டவை இவை:

- தேசிய அடையாள அட்டை, மூலமும் இரு பக்கப் பிரதியும்
- பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி
- கல்விச் சான்றிதழ்கள், மூலமும் பிரதியும்
- கிராம உத்தியோகத்தர் வழங்கும் வதிவிட, நற்சான்றிதழ்
- தன் பெயரிலுள்ள வங்கிச் சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி
- முன்னர் வேலை செய்திருந்தால் சேவைச் சான்றிதழும் ஊழியர் சேமலாப நிதி உறுப்பினர் இலக்கமும்
- வரி அடையாள இலக்கம் எடுத்திருந்தால் அது
- கடவுச்சீட்டு அளவுப் படம் இரண்டு

இவற்றில் நாள் எடுப்பது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. அவர் தந்த பிறகும் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். இரண்டு அலுவலகம் என்றால் இரண்டு நாளாவது போகும். வங்கிக் கணக்குக்கு ஒரு காலை. இன்னோர் இடத்தில் வேலையில் இருப்பவர் இதற்கெல்லாம் அங்கே விடுமுறை எடுக்க வேண்டும். ஆகவே பட்டியல் சேரும் திகதிக்குப் பத்து நாளாவது முன்னதாக அவர் கையில் இருக்க வேண்டும். முதல் நாளில் சான்றிதழ் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் முதல் நாள் கட்டாயம், மற்றவை இரண்டு வாரத்துக்குள் என்று பட்டியலிலேயே பிரித்து எழுதுங்கள்.

பெயர் விடயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் முன்னே வரும், சிலருக்குப் பின்னே வரும், சில காகிதங்களில் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். எங்கள் கணக்கு உதவியாளரின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் கடைசியில் வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்தது. தமிழில் வாசித்தால் இரண்டும் ஒரே பெயர்தான். சேமலாப நிதியில் எந்தப் பெயரில் பதிகிறோமோ, அந்தப் பெயரில்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பணத்தைக் கேட்கப் போகிறார். ஆகவே பதிவு முழுவதும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதை எங்கள் விதியாக வைத்திருக்கிறோம். வங்கியில் பெயரைத் திருத்த அவருக்கு ஒரு காலை அனுமதி கொடுத்தோம்.

அடையாள அட்டை இலக்கத்திலும் கவனம் வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். முந்திய வேலையிடத்தில் பழைய இலக்கத்தில் பதிவாகி இப்போது புதிய அட்டை வைத்திருப்பவர்கள் உண்டு. இரண்டு இலக்கத்தையும் வாங்கிக் குறித்துவையுங்கள்.

செலவையும் நினைவில் வையுங்கள். படம், பிரதிகள், பஸ் எல்லாம் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு 1,100 ரூபாய் ஆனது. வேலையில்லாமல் இருப்பவருக்கு இது சின்னத் தொகையல்ல. எங்கள் அலுவலகத்தில் பிரதி இயந்திரம் இருப்பதால், "மூலப் பிரதிகளை மட்டும் கொண்டுவாருங்கள், பிரதியை இங்கே எடுத்துக்கொள்கிறோம்" என்று இப்போது எழுதுகிறோம். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பிரதி எடுத்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. கைக்கு வரும் தொகையைச் சொல்லிவிடுங்கள்

நேர்முகத்தில் "அறுபதாயிரம்" என்று கேட்டவர் வீட்டில் அறுபதாயிரத்துக்கே கணக்குப் போடுவார். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறும். இதைத் தவிர்க்க ஒரு சின்னக் கணக்கைக் கடிதத்துடன் வைக்கிறேன்.

60,000 ரூபாயில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 4,800 ரூபாய் கழியும். முத்திரைத் தீர்வை 25 ரூபாய். கைக்கு வருவது 55,175 ரூபாய். நிறுவனம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 சதவீதம் (7,200), ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் (1,800) கட்டுகிறது. இந்த 9,000 ரூபாய் அவர் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவதில்லை. இந்தக் கடைசி வசனத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் தன் சம்பளத்திலிருந்தே போகிறது என்று நினைத்துப் பல ஆண்டு மனக்குறையோடு இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

திகதியையும் சொல்லுங்கள். மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் நிறுவனத்தில் வழக்கமாக 5ஆம் திகதி வங்கிக்குப் போகும். ஜூன் மாதச் சேமலாப நிதிப் பணத்தை ஜூலை 31க்குள் கட்டியிருக்க வேண்டும். அதற்குள் அவரது உறுப்பினர் பதிவு முடிய வேண்டுமென்றால், படிவத்தில் முதல் நாளே கையொப்பம் வாங்கிவிடுங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளியவர்தான் ஜூலைக் கடைசியில் ஓடித் திரிவார்.

5. கடிதம்

நாங்கள் அனுப்பிய கடிதம் இது. சேருபவர் எந்த மொழியில் வீட்டில் வாசிக்கிறாரோ அந்த மொழியில் அனுப்புங்கள். சிங்களத்தில் எழுத வேண்டியிருந்தால், சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த சக பணியாளரிடம் கொடுத்து எழுதுவியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பி, அயலில் யாரையாவது தேடி வாசிக்க வைக்காதீர்கள்.

> அன்பின் செல்வி ………… அவர்களுக்கு,
>
> எங்கள் கணக்குப் பிரிவில் நீங்கள் சேர இருப்பதில் மகிழ்கிறோம். 2025 ஜூன் 2, திங்கட்கிழமை காலை 9.30க்கு அனுராதபுர வீதி அலுவலகத்துக்கு வாருங்கள். வாசல் காவலாளியிடம் உங்கள் பெயர் இருக்கும். நான் வந்து உங்களை அழைத்துச் செல்வேன். நான் இல்லாவிட்டால் கணக்குப் பிரிவின் ………… வருவார். பஸ் பிந்தினால் பதற வேண்டாம், கீழுள்ள எண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
>
> செவ்வாய்க்கிழமை முதல் வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, இடையே ஒரு மணி நேரம் மதிய இடைவேளை. சனிக்கிழமை 8.30 முதல் 1.30 வரை. ஜூன் 7 சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாளுக்காக உங்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்கப்பட்டுள்ளது.
>
> திங்கட்கிழமை மதிய உணவு எங்களுடன். ஹலால் உணவாக இருக்கும். மற்ற நாள்களில் வீட்டிலிருந்து கொண்டுவரலாம். சாப்பிட அறையும் குளிர்சாதனப் பெட்டியும் உண்டு. தொழுகைக்கு மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது.
>
> சீருடை இல்லை. செவ்வாய்க்கிழமை களஞ்சியத்துக்குப் போவோம், அன்று முன்புறம் மூடிய செருப்பு அணிந்து வாருங்கள்.
>
> உங்கள் நியமனக் கடிதம் திங்கட்கிழமை கையில் தரப்படும். அதன் பிரதியை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறோம். வீட்டில் வாசித்து, விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கையொப்பமிடுமுன் அவற்றைப் பேசுவோம்.
>
> இணைப்பு: சம்பளக் கணக்கு, முதல் வார அட்டவணை.
>
> இப்படிக்கு,
> ………… (பெயர், பதவி, தொலைபேசி)

சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. மேலே உள்ள நேரங்களைக் கூட்டிப் பாருங்கள்: மதிய இடைவேளை நீங்கலாக ஐந்து நாளுக்கு நாற்பது, சனிக்கிழமை ஐந்து, சரியாக 45. உங்கள் நேரங்களையும் இப்படிக் கூட்டிப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

முதல் நாள் ஏன் 9.30 என்று எங்கள் முகாமையாளரே கேட்டார். காலை எட்டு முதல் ஒன்பதுவரை லொறிகளில் சாமான் ஏறும் நேரம். முற்றம் முழுவதும் சத்தம், எல்லோர் கையிலும் சீட்டுக் கட்டு. அந்த நேரத்தில் யார் வந்தாலும் வாங்கில்தான் இருக்க வேண்டியிருக்கும். மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக பஸ்ஸில் வருபவருக்கும் முதல் நாள் நேரம் பிடிபடாது.

பெருநாளையும் தொழுகை அறையையும் எழுதுமுன் அந்தப் பெண்ணையே தொலைபேசியில் கேட்டேன். பெயரைப் பார்த்து நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். "உணவிலோ வழிபாட்டிலோ நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?" என்று எல்லோரையும் ஒரே மாதிரிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்பவர் இருப்பார், போயா தினத்தில் சில் எடுப்பவர் இருப்பார்.

6. முதல் வார அட்டவணை: ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் ஆள்

என் பழைய அட்டவணையில் "செவ்வாய்: கணக்குப் பிரிவு அறிமுகம்" என்று இருந்தது. அறிமுகம் செய்வது யார் என்று இல்லை. யார் பொறுப்பு என்று எழுதாத வேலையை யாரும் செய்வதில்லை. இப்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவரிடம் முதலே கேட்டுச் சம்மதம் வாங்கியிருப்பேன்.

எங்கள் உதாரணத்தில் பெரிய சிக்கல் தலைமைக் கணக்காளர். மாதத்தின் முதல் பத்து நாளில் மே மாதக் கணக்கை முடிக்க வேண்டும், சம்பளப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். புதியவரை அவர் பக்கத்தில் இருத்தினால் இருவருக்கும் துன்பம். ஆகவே அவரிடம் திங்கட்கிழமை அரை மணி நேரமும் வெள்ளிக்கிழமை அரை மணி நேரமும் மட்டும் கேட்டேன். மீதி முழுவதும் இரண்டாண்டு அனுபவமுள்ள இன்னொரு கணக்கு உதவியாளருடன். அந்த அக்காவுடைய அன்றாட வேலையில் மூன்றிலொரு பங்கை அந்த வாரம் வேறொருவருக்கு மாற்றினோம். இதைச் செய்யாமல் "நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால், புதன்கிழமையே பொறுமை போய்விடும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

திங்கள். 9.30 வாசலில் நான். 9.45 ஆவணம் சரிபார்த்தல். 10.15 நியமனக் கடிதத்தை வாசித்து, கேள்விகளைப் பேசி, கையொப்பம். சேமலாப நிதிப் படிவம். 11.30 வரவுப் பதிவு இயந்திரத்தில் விரல் அடையாளம். 12.30 மதிய உணவு, கணக்குப் பிரிவு ஐவருடன். 2.00 தலைமைக் கணக்காளருடன் அரை மணி: புதியவருடைய வேலை என்ன, மூன்று மாதத்தில் எதைத் தனியே செய்ய வேண்டும். 2.30 மேசை, கணினி, அக்காவுடன். 4.30 வீட்டுக்கு.

செவ்வாய். ஒரே ஒரு கட்டளையின் பின்னால் போகும் நாள். நிலாவெளிக் கடை ஒன்று தொலைபேசியில் சாமான் கேட்கிறது. அந்தக் கட்டளை எழுதப்படுவதையும், களஞ்சியத்தில் பெட்டி எண்ணப்படுவதையும், விநியோகச் சீட்டு மூன்று பிரதியாக முறிக்கப்படுவதையும், மாலையில் சாரதி கொண்டுவரும் பணமும் கையொப்பமிட்ட சீட்டும் கணக்கில் ஏறுவதையும் அவர் பார்க்க வேண்டும். பொறுப்பு: காலை களஞ்சியப் பொறுப்பாளர், மாலை அக்கா.

புதன். கணக்கு மென்பொருள். பயிற்சிப் பதிவில், சென்ற மாதத்துப் பழைய சீட்டுகள் இருபதை ஏற்றிப் பார்த்தல். உண்மைக் கணக்கில் கைவைக்க அனுமதி இல்லை.

வியாழன். உண்மையான சீட்டுகள் முப்பது. ஏற்றுபவர் அவர், சேமிக்குமுன் சரிபார்ப்பவர் அக்கா.

வெள்ளி. காலை அதே வேலை. 3.00 தலைமைக் கணக்காளருடன் அரை மணி. 3.30 என்னுடன் இருபது நிமிடம்.

செவ்வாய்க்கிழமைக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. கணக்கில் வரும் பிழைகளில் பெரும்பங்கு, சீட்டில் சாரதி எழுதிய குறிப்பு விளங்காததால் வருகிறது. "2 தி" என்று பேனாவால் ஓரத்தில் இருக்கும். இரண்டு பெட்டி திருப்பி அனுப்பப்பட்டது என்று பொருள். லொறியடியில் நின்று அதை ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறவிடுவதில்லை.

வரவேற்பு விருந்து வெள்ளிக்கிழமைதான் என்பது எங்களிடம் வழக்கம். வாரம் முடிகிறது, எல்லோரும் ஆறுதலாக இருப்பார்கள். ஜூன் 6 வெள்ளி, பெருநாளுக்கு முதல் நாள், அரபா நோன்பு. அழைத்து வந்தவரைப் பட்டினியாக இருத்திவிட்டு நாங்கள் சாப்பிட்டிருப்போம். தொலைபேசியில் கேட்ட அந்த ஒரு கேள்வியால் விருந்து திங்கட்கிழமைக்கு மாறியது. முஸ்லிம் ஆண் பணியாளர் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மதிய நேரத்தை நீட்டி எழுதவும் மறக்காதீர்கள்.

7. எப்போது எதை அனுப்புவது

பத்து நாளுக்கு முன்: ஆவணப் பட்டியலும் நியமனக் கடிதப் பிரதியும். ஏழு நாளுக்கு முன்: வரவேற்புக் கடிதமும் அட்டவணையும். நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அச்சுப் பிரதியைத் தபாலிலும் போடுகிறோம், ஏனென்றால் வீட்டில் தாய் தகப்பன் கையில் எடுத்து வாசிப்பது அந்தக் காகிதத்தைத்தான். மூன்று நாளுக்கு முன்: அட்டவணையில் பெயருள்ள ஒவ்வொருவரிடமும் மறுபடி கேளுங்கள். இந்த முறை களஞ்சியப் பொறுப்பாளருக்குச் செவ்வாய்க்கிழமை கந்தளாயில் ஒரு வேலை வந்திருந்தது. மூன்று நாள் இருந்ததால் அவருடைய உதவியாளரை ஆயத்தப்படுத்த முடிந்தது. சேருவதற்கு முந்திய நாள் மாலை: காவலாளியிடம் பெயரை எழுதிக் கொடுங்கள். இரவுக் காவலாளியிடம் சொன்னது காலைக் காவலாளிக்குப் போகாது, அதனால் எழுத்தில் கொடுங்கள். மேசை, கதிரை, கணினி நுழைவுச் சொல் மூன்றையும் நீங்களே போய்ப் பாருங்கள்.

நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அச்சு, தபால், ஆறு பேருக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. உண்மையான செலவு அக்காவின் நேரம், வாரத்தில் ஏறத்தாழ 15 மணி. முகாமையாளரிடம் அனுமதி கேட்கும்போது அந்தப் பதினைந்து மணி நேரத்தையே கேளுங்கள். சாப்பாட்டுக்குக் காசு கிடைப்பது கடினமில்லை.

8. வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

"எல்லாம் சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். நான் கேட்பவை வேறு. உங்கள் விடுமுறையை யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும்? முதல் சம்பளம் எந்தத் திகதியில், எவ்வளவு வரும்? ஒரு சீட்டில் பிழை கண்டால் முதலில் யாரிடம் காட்டுவீர்கள்? இந்த வாரத்தில் எந்த நேரம் செய்ய ஒன்றுமில்லாமல் இருந்தீர்கள்?

முதல் மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும், அந்த விடயம் உங்கள் கடிதத்தில் விளங்கும்படி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் அந்த இடத்தைத் திருத்துங்கள். நாலாவது கேள்விக்கு வரும் பதில் அட்டவணையைத் திருத்த உதவும்.

அந்தப் பெண் மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார், 55,175 என்ற தொகை உட்பட. நாலாவதுக்குச் சிறிது தயங்கிவிட்டு, புதன்கிழமை பிற்பகல் இரண்டரை முதல் நான்கு வரை என்றார். இருபது சீட்டையும் மதியத்துக்குள் முடித்துவிட்டாராம். அக்கா வேலையாக இருந்ததால் கேட்கக் கூச்சப்பட்டு, அதே சீட்டுகளை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது எங்கள் அட்டவணையில் புதன்கிழமைக்கு நாற்பது சீட்டுகள், இரண்டரைக்கு அக்காவின் பெயர்.